முதல்வருக்கு ஒரு கடிதம்: தொழிற்சாலை வருகைக்கான முன்மொழிவு

கிள்ளானில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம், படிவம் நான்கு மாணவர்களை ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கழகத்தின் செயற்குழுவினர் முதலில் எழுதிய வரைவில் முக்கால் பக்கம் தொழிற்சாலை வருகையின் நன்மைகளைப் பற்றியே இருந்தது. பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: "ஒரு மாணவருக்கு ரிம80 மட்டுமே செலவாகும்." பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வரி: "மாணவர்களின் பாதுகாப்பு உறுதிசெய்யப்படும்." பொறுப்பாசிரியர் வரைவைத் திருப்பிக் கொடுத்து, "ரிம80 எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

தொழிற்சாலைக்குப் போவது நல்லது என்று முதல்வருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அனுமதி கொடுத்த பிறகு பெற்றோர் கேட்டாலும் மாவட்டக் கல்வி இலாகா கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பணம் குறைந்தால் யார் கொடுப்பது, மாணவர் ஒருவருக்குக் காயம்பட்டால் யார் உடனிருப்பார், மழையாலோ வேறு காரணத்தாலோ அன்று போக முடியாவிட்டால் என்ன செய்வது ஆகிய கேள்விகளுக்குக் கடிதத்திலேயே விடை இருந்தால் அவரால் கையொப்பமிட முடியும். அந்த வரைவு எவ்வாறு திருத்தப்பட்டது என்பதைப் பார்ப்போம். இடமும் நாள்களும் உண்மையானவை. பணத்தொகைகள் பயிற்சிக்காகப் போடப்பட்டவை. நீங்கள் எழுதும்போது புதிய விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் இடம். செயற்குழுவில் சிலர் பிரிக்பீல்ட்ஸைச் சொன்னார்கள். கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகள் செங்கல் கட்டடங்களாக மாறிய காலத்தில் அங்குச் செங்கற்சூளைகள் இருந்தன. அந்த இடத்தின் பெயரே அதிலிருந்து வந்தது. ஆனால், இன்று அங்குப் போய்ப் பார்க்கச் சூளை எதுவும் இல்லை. முடிவில் செதாப்பாக்கில் இருக்கும் ரோயல் சிலாங்கூர் பியூட்டர் தொழிற்சாலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1885இல் யோங் கூன் என்னும் சீனக் கைவினைஞர் கோலாலம்பூரில் தொடங்கிய தொழில் அது. பியூட்டரில் பெரும்பகுதி வெள்ளீயம். அதனோடு சிறிதளவு செம்பும் அந்திமனியும் சேர்க்கப்படுகின்றன. தூய வெள்ளீயம் மென்மையானது, எளிதில் வளைந்துவிடும். சேர்க்கப்படும் அந்தச் சிறிய அளவுதான் அதற்கு உறுதியைக் கொடுக்கிறது. படிவம் நான்கு வேதியியலில் உலோகக்கலவையைப் படிக்கும் மாணவர்களுக்கு அந்தப் பாடம் கண்முன்னே நடக்கும். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதைப் பார்க்கலாம். பட்டறைப் பயிற்சியில் தட்டையான பியூட்டர் வட்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கிண்ணமாக்கலாம். அக்கிண்ணத்தை வீட்டிற்கும் எடுத்து வரலாம்.

இனிப் பணத்திற்கு வருவோம். பேருந்து வாடகை ரிம900. பட்டறைக் கட்டணம் மாணவர் ஒருவருக்கு ரிம50. மதிய உணவு ஒருவருக்கு ரிம10. குடிநீருக்கும் முதலுதவிப் பொருள்களுக்கும் ரிம100. மாணவர் 36 பேர், ஆசிரியர் 4 பேர் என மொத்தம் 40 பேர் செல்வதாகத் திட்டம். ஆசிரியர்கள் பட்டறையில் பங்கேற்காமல் மேற்பார்வை செய்வார்கள். ஆக, மொத்தச் செலவு ரிம3,200. மாணவர்கள் அதை 40ஆல் வகுத்து ரிம80 என்று எழுதிவிட்டார்கள். பேருந்தில் ஏறுபவர் 40 பேர் என்றாலும் பணம் கட்டுபவர் 36 பேர்தானே! 36 பேரிடம் ரிம80 வாங்கினால் ரிம2,880தான் சேரும். ரிம320 குறைகிறது. இத்தகைய கணக்குப் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வகுத்து வந்த விடையைப் பணம் கட்டுபவரின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். மொத்தச் செலவு திரும்ப வரவேண்டும்.

குறையும் பணத்திற்குக் கழகத்தில் வழி இருந்தது. தீபாவளிக்கு முறுக்கு விற்றுச் சேர்த்த ரிம450ஐ இதற்குப் பயன்படுத்த முடிவு செய்தார்கள். இப்போது வரவு ரிம3,330, செலவு ரிம3,200, மீதம் ரிம130. கணக்கு முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால், பொறுப்பாசிரியர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "கடைசி நேரத்தில் சிலர் வராமற்போனால்?"

இதற்கு விடை காணச் செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேருந்து வாடகை, குடிநீர், முதலுதவிப் பொருள்கள், ஆசிரியர் உணவு ஆகியவை எத்தனை மாணவர் வந்தாலும் மாறாதவை. பட்டறையும் மாணவர் உணவும் தலைக்கு இவ்வளவு என்று கூடிக் குறைபவை. ஆகவே, ஒரு மாணவர் வராவிட்டால் வரவில் ரிம80 குறையும்; செலவில் ரிம60தான் குறையும். அதாவது, வராத ஒவ்வொரு மாணவராலும் ரிம20 துண்டு விழும். கையில் இருக்கும் மீதமோ ரிம130. ஆறு பேர் வராவிட்டாலும் சமாளித்து ரிம10 மிச்சம் இருக்கும். ஏழாவது மாணவரும் வராவிட்டால் ரிம10 கடன். ஆகவே, 30 பேருக்குக் குறைந்தால் பயணம் ஒத்திவைக்கப்படும் என்று கடிதத்தில் எழுத வேண்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் மாணவர்களால் விளக்க முடியும்.

பயண வழியைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. இரயிலில் போனால் மலிவு என்றார் பொருளாளர். அவர் சொன்னது உண்மைதான். கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கிளானா ஜெயா தட எல்ஆர்டியில் வங்சா மாஜூ வரை போகலாம். அங்கிருந்து தொழிற்சாலைக்கு மீண்டும் ஒரு வண்டி பிடிக்க வேண்டும். நாற்பது பேர், போகவர நான்கு முறை வண்டி மாற வேண்டும். கூட்டம் மிகுந்த கே.எல். சென்ட்ரலில் கதவு மூடுவதற்குள் பாதிப்பேர் ஏறி மீதிப்பேர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? மிச்சமாகும் பணத்தைவிட அந்த இடர் பெரிது என்று பேருந்தே முடிவாயிற்று. திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம் என்ற ஆசையும் கைவிடப்பட்டது. அனுமதி என்பது கடிதத்தில் எழுதிய இடங்களுக்கு மட்டுமே. எழுதாத இடத்தில் பேருந்தை நிறுத்தினால் அங்கு நடப்பதற்கு யார் பொறுப்பு என்பது தெளிவில்லாமல் போய்விடும்.

பேருந்து என்று முடிவு செய்ததோடு பாதுகாப்பு வந்துவிடவில்லை. 2025 ஜூன் 9ஆம் நாள் அதிகாலையில் கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் வாடகைப் பேருந்து ஒன்று கவிழ்ந்ததில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். அந்தப் பேருந்து வேறொரு நிறுவனத்தின் உரிமத்தைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டப்பட்டதாகப் போக்குவரத்து அமைச்சு பின்னர் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைவார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. பழைய பேருந்துகள் பலவற்றில் எல்லா இருக்கைக்கும் வார் இருக்காது. ஆகவே, வாடகை பேசும்போதே இரண்டைக் கேட்க வேண்டும்: ஒவ்வோர் இருக்கைக்கும் வார் உண்டா? இயக்க உரிமம் யார் பெயரில் இருக்கிறது? நாம் பணம் கட்டும் நிறுவனத்தின் பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தப் பேருந்து வேண்டாம். "பாதுகாப்பு உறுதிசெய்யப்படும்" என்ற அந்தப் பழைய வரி எதையும் உறுதிசெய்யவில்லை என்பது இப்போது விளங்கும்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதும் நாள்காட்டியில் வெறும் நாளைத் தேடுவதன்று. 2026இல் மார்ச்சு மாதத்தில் நோன்பும் நோன்புப் பெருநாளும் பள்ளி விடுமுறையும் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு. வெள்ளிக்கிழமை தொழுகை நாள். உடன்வரும் இசுலாமிய ஆசிரியருக்கும் ஓட்டுநருக்கும் சிரமம். புதன்கிழமை பிற்பகலில் புறப்பாட நடவடிக்கை. சனிக்கிழமை வகுப்பு கெடாது. ஆனால், தொழிற்சாலைப் பணியாளர்கள் வேலை செய்வதைப் பார்க்கத்தானே போகிறோம்? அதற்கு வார நாளே ஏற்றது. இப்படிக் கழித்துக் கழித்து ஏப்ரல் 16, வியாழக்கிழமை கிடைத்தது. கடிதம் மார்ச்சு 2ஆம் நாளே கொடுக்கப்பட்டது. மாவட்டக் கல்வி இலாகாவிற்குப் பள்ளி விண்ணப்பிக்கவும் பெற்றோர் ஒப்புதல் திரும்பி வரவும் ஆறு வாரம் அதிகமன்று.

திருத்தி எழுதப்பட்ட கடிதம் இது:

தமிழ்மொழிக் கழகம்,
படிவம் நான்கு பிரிவு,
41000 கிள்ளான், சிலாங்கூர்.
____________________________________

பள்ளி முதல்வர்,
41000 கிள்ளான், சிலாங்கூர்.

2 மார்ச்சு 2026

வழி: தமிழ்மொழிக் கழகப் பொறுப்பாசிரியர்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

செதாப்பாக் ரோயல் சிலாங்கூர் பியூட்டர் தொழிற்சாலைக்கு ஒருநாள் வருகை மேற்கொள்ள அனுமதி கோருதல்

வணக்கம். மேற்காணும் வருகையை 16 ஏப்ரல் 2026, வியாழக்கிழமை மேற்கொள்ளத் தங்களின் அனுமதியைப் பணிவுடன் வேண்டுகிறோம். படிவம் நான்கு மாணவர்கள் 36 பேரும் ஆசிரியர்கள் நால்வரும் கலந்துகொள்வர்.

2. மாணவர்கள் வேதியியலில் கற்கும் உலோகக்கலவையின் தயாரிப்பை நேரில் காண்பதும், பார்த்தவற்றைத் தமிழில் அறிக்கையாக எழுதுவதும் இவ்வருகையின் நோக்கங்கள். அறிக்கைகள் 30 ஏப்ரலுக்குள் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைக்கப்படும்.

3. பேருந்து காலை மணி 8.30க்குப் பள்ளியிலிருந்து புறப்படும். மணி 10.00 முதல் 12.00 வரை தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தலும் பட்டறைப் பயிற்சியும் நடைபெறும். மதிய உணவுக்குப் பின் மணி 1.00க்குப் புறப்பட்டு 2.30க்குள் பள்ளிக்குத் திரும்புவோம். வழியில் வேறெங்கும் பேருந்து நிற்காது. தவிர்க்க இயலாத காரணத்தால் அன்று செல்ல முடியாவிட்டால் 23 ஏப்ரல், வியாழக்கிழமை மாற்று நாளாகும். பேருந்து நிறுவனமும் தொழிற்சாலையும் இரு நாள்களையும் ஏற்றுள்ளன.

4. செலவுத் திட்டம் பின்வருமாறு:

பேருந்து வாடகை – ரிம900
பட்டறைப் பயிற்சி (ரிம50 × 36) – ரிம1,800
மதிய உணவு (ரிம10 × 40) – ரிம400
குடிநீர், முதலுதவிப் பொருள்கள் – ரிம100
மொத்தச் செலவு – ரிம3,200

மாணவர் கட்டணம் (ரிம80 × 36) – ரிம2,880
கழக நிதி – ரிம450
மொத்த வரவு – ரிம3,330
மீதம் – ரிம130

மாணவர் எண்ணிக்கை 30 வரை குறைந்தாலும் கூடுதல் பணம் கேட்கப்பட மாட்டாது. 30க்கும் குறைந்தால் வருகை ஒத்திவைக்கப்பட்டு, கட்டணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும். தொழிற்சாலையிடம் 2 ஏப்ரலன்று எண்ணிக்கையை உறுதிசெய்த பிறகே பட்டறைக் கட்டணம் செலுத்தப்படும்.

5. பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வருகிறோம். ஒவ்வோர் இருக்கைக்கும் வார் உள்ள பேருந்தே பேசப்பட்டுள்ளது. இயக்க உரிமத்தின் நகலும் பயணிகள் காப்புறுதியின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்பார். பள்ளியில் ஏறும்போதும், தொழிற்சாலையில் இறங்கிய பிறகும், பட்டறை முடிந்ததும், திரும்பப் புறப்படும் முன்னும் பெயர்ப்பட்டியலைக் கொண்டு எண்ணிக்கை சரிபார்க்கப்படும். உருக்கிய உலோகம் உள்ள இடம் என்பதால் மாணவர்கள் மூடிய காலணி அணிவர். நீண்ட கூந்தலை முடிந்துகொள்வர். வளையல், தொங்கும் நகை அணியமாட்டார்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களின் விவரம் பெற்றோர் ஒப்புதல் படிவத்தின்வழி பெறப்பட்டுப் பொறுப்பாசிரியரிடம் இருக்கும். அவசர நேரத்தில் 999 எண்ணை அழைப்பதோடு, முதலில் பள்ளிக்கும் பின் பெற்றோருக்கும் தகவல் தெரிவிக்கப்படும்.

6. பெற்றோர் ஒப்புதல் படிவங்களை 18 மார்ச்சுக்குள் திரும்பப் பெற வேண்டியுள்ளதால், தங்களின் முடிவை 9 மார்ச்சுக்குள் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நன்றி.

இக்கண்,

(கையொப்பம்)
செயலாளர்,
தமிழ்மொழிக் கழகம்.

இணைப்பு: மாணவர் பெயர்ப்பட்டியல், பேருந்து விலைப்பட்டியல், உரிம நகல், காப்புறுதி நகல், தொழிற்சாலையின் பதில்.

கடிதத்தின் மொழியைக் கவனியுங்கள். முதல் பத்தியிலேயே எங்கே, எப்போது, எத்தனை பேர் என்பது வந்துவிட்டது. "மிகவும்", "மிகச் சிறந்த" போன்ற சொற்கள் ஏறக்குறைய இல்லை. "செய்யப்படும்" என்று முடியும் வாக்கியங்கள் சில இருந்தாலும், யார் செய்வார் என்பது தேவைப்படும் இடத்தில் "ஓர் ஆசிரியர் பொறுப்பேற்பார்" என்று எழுவாய் வெளிப்படையாக நிற்கிறது. அலுவலகக் கடிதத்தில் செயப்பாட்டு வினை தவறன்று. ஆனால், பொறுப்பு யாருடையது என்பதை அது மறைத்துவிடக் கூடாது. முதல்வர் தமிழ் அறியாதவராக இருந்தால் இதே கடிதத்தை மலாயில் எழுத வேண்டியிருக்கும். அப்போதும் பத்திகளின் வரிசையோ எண்களோ மாற மாட்டா.

முதல்வர் கடிதத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்: "ரிம80 கட்ட இயலாத மாணவர் இருந்தால்?" செயற்குழுவினர் யாரும் எண்ணிப் பார்க்காத கேள்வி அது. மீதமுள்ள ரிம130இலிருந்து ஒருவரின் முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிடலாம் என்றார் செயலாளர். பொருளாளர் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அந்தப் பணம் வராதவர்களின் இடத்தை ஈடுகட்ட வைத்திருப்பது. அதிலிருந்து ரிம80 எடுத்தால் மீதம் ரிம50. அதன்பின் இரண்டு பேர் வராமல் இருந்தால் மட்டுமே சமாளிக்க முடியும். 30 என்று நான்காம் பத்தியில் எழுதிய வாக்கு பொய்யாகிவிடும். இறுதியில் அவர்கள் அந்த மீதத்தைத் தொடவில்லை. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் இருவரின் கட்டணத்திற்காக ரிம160 கேட்டுத் தனிக் கடிதம் ஒன்று எழுதினார்கள். அம்மாணவர்களின் பெயர் பொறுப்பாசிரியருக்கு மட்டுமே தெரியும் என்பதையும் அதில் குறிப்பிட்டார்கள்.

பயிற்சி: பேருந்து நிறுவனம் வாடகையை ரிம900இலிருந்து ரிம960ஆக உயர்த்திவிட்டது. மாணவர் கட்டணம் ரிம80ஆகவே இருக்க வேண்டும். வருகை நடைபெறக் குறைந்தது எத்தனை மாணவர் வேண்டும் என்று கணக்கிட்டு, கடிதத்தின் நான்காம் பத்தியைத் திருத்தி எழுதுக.